ப்ரீபயாட்டிக், ப்ரோபயாட்டிக்: அன்றாடச் சாப்பாடு போதுமா? – கேள்வி பதில்

கேள்வி (மதுரை): மருந்துக் கடையில் ப்ரீபயாட்டிக் பொடி ஒரு டப்பா, ப்ரோபயாட்டிக் மாத்திரை ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். சாம்பாரும் தயிரும் சாப்பிடுகிற எங்களுக்கு இவை தேவைதானா?

பதில்: மாத்திரையில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். பொடியில் இருப்பது, நம் பெருங்குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கான தீனி. அந்தத் தீனி பெரும்பாலும் நம்மால் செரிக்க இயலாத மாவுச்சத்து வகையைச் சேர்ந்தது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலை அடைந்து, அங்கே புளித்து, குடல் சுவரின் உயிரணுக்களுக்கு எரிபொருளாகும் அமிலங்களாக மாறுகிறது.

தீனி போதுமா என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வுகளில் பலன் தெரியத் தொடங்குவது பொதுவாக நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் அளவில். 100 கிராம் வெங்காயத்தில் சராசரியாக 4 கிராம் அளவுக்கு ஃப்ரக்டான் என்னும் இவ்வகைச் சத்து உண்டு; பூண்டில் அது 12 கிராமைத் தாண்டும். ஒருவருக்கு ஒரு நாளில் சாம்பாரிலும் பொரியலிலும் சேர்த்து 50 கிராம் வெங்காயம் சென்றால் 2 கிராம், ரசத்திலும் குழம்பிலுமாக 10 கிராம் பூண்டு சென்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேல். 40 கிராம் துவரம்பருப்பிலிருந்து ராஃபினோஸ் வகைச் சர்க்கரை இன்னும் ஏறக்குறைய ஒரு கிராம் கிடைக்கும். இரவில் இரண்டு கோதுமைச் சப்பாத்தி உண்டால், 60 கிராம் மாவுக்கு மேலும் ஒன்றரைக் கிராமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, பொடி டப்பா இல்லாமலேயே 5 கிராமைத் தாண்டிவிடுகிறீர்கள். வெங்காயத்தின் வகை, சமைக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும். தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் ஊறுகாயும் மட்டுமே இருக்கும் வீட்டில்தான் இது பொய்த்துப்போகும். பல் போன பின் பருப்பையும் காயையும் ஒதுக்கிவிடும் முதியவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

ப்ரோபயாட்டிக்குக்கு இப்படிக் கணக்குப் போட முடியாது. இரும்புச்சத்துக்கு இருப்பதைப் போன்ற நாள் தேவை என்று அதற்கு எதுவும் வகுக்கப்படவில்லை. அது இல்லாததால் வரும் குறைபாட்டு நோயும் கிடையாது. உடல்நலமுள்ள ஒருவர் அந்த மாத்திரையை வாங்காததால் எதையும் இழப்பதில்லை.

கேள்வி (சேலம்): நாங்கள் தினமும் இட்லிதான். மாவு புளிக்கிறதே, அதுவே ப்ரோபயாட்டிக்தானே? அப்புறம் மாத்திரை எதற்கு?

பதில்: மாத்திரை வேண்டாம் என்ற முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் பாதி சரி. மாவில் உயிர் இருப்பது உண்மை. அதைப் பொங்க வைப்பவற்றுள் முதன்மையானது லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா. ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் பத்து நிமிடம் வெந்த பின் அந்த நுண்ணுயிர்கள் உயிரோடு மிஞ்சுவதில்லை. மோர்க்குழம்புக்கும் இதே கதிதான்.

வேகவைக்காமல் உண்ணும் தயிர், மோர், நீராகாரம் ஆகியவற்றில் உயிருள்ள நுண்ணுயிர்கள் ஏராளம். எனினும் அவற்றையும் ப்ரோபயாட்டிக் என்று கண்டிப்பான பொருளில் சொல்ல இயலாது. 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் வகுத்த வரையறையின்படி, நுண்ணுயிர் உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ளப்பட வேண்டும், அதனால் உடலுக்குப் பயன் விளைய வேண்டும். அந்தப் பயனும் ஒரு குறிப்பிட்ட ரகத்துக்கே காட்டப்பட்டிருக்க வேண்டும். விதை வாங்கும்போது நெல் என்று மட்டும் கேட்டால் போதாதல்லவா? ஆடுதுறை 43 என்று ரகத்தைச் சொல்ல வேண்டும். அதுபோல லாக்டோபேசிலஸ் என்று மட்டும் டப்பாவில் எழுதியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியவில்லை என்றே பொருள். ராம்னோசஸ் ஜிஜி என்பதுபோல ரகக் குறியீடும் இருக்க வேண்டும். வீட்டு உறைமோரில் இருக்கும் ரகம் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் தயிர் மதிப்பற்றது என்று எண்ணிவிட வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு அந்த நுண்ணுயிர்களே முக்கியக் காரணம்.

கேள்வி (கோயம்புத்தூர்): உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். செத்த நுண்ணுயிர்களாலும் பயன் உண்டு என்பதால்தான் 2021இல் போஸ்ட்பயாட்டிக் என்று தனி வரையறையே வந்தது. இட்லியை இவ்வளவு எளிதாக ஒதுக்கலாமா?

பதில்: நீங்கள் சுட்டுவது நியாயமானது, செத்தவை என்பதாலேயே பயனற்றவை என்று நான் எழுதியிருந்தால் அது தவறாகியிருக்கும். ஆயினும் அந்த வரையறையும், என்ன நுண்ணுயிர், எப்படிச் செயலிழக்கச் செய்யப்பட்டது என்று தெரிந்த, பயன் காட்டப்பட்ட ஒரு தயாரிப்பையே கேட்கிறது. இட்லியை இட்லியாகவே வைத்து மனிதர்களிடம் அப்படிச் சோதித்துக் காட்டும் வரை, அந்தப் பட்டத்தை அதற்குச் சூட்ட நான் தயங்குவேன். உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், பத்து வாரம் புளித்த உணவுகளை அதிகமாக உண்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நார்ச்சத்தை மட்டும் கூட்டியவர்களிடம் அப்பெருக்கம் காணப்படவில்லை. பங்கேற்றவர்கள் 36 பேர் மட்டுமே. அவர்கள் உண்டதும் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்றவையே. நம் பழைய சோற்றுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் நீங்களும் நானும் வேறுபடலாம்.

கேள்வி (திருநெல்வேலி): ப்ரீ என்றால் முன்னால். அதனால் ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன் ப்ரீபயாட்டிக், முடிந்த பின் ப்ரோபயாட்டிக் என்று புரிந்துகொண்டேன். என் மகனுக்கு ஐந்து நாள் மருந்து எழுதியிருக்கிறார்கள். எப்போது தொடங்கட்டும்?

பதில்: பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது, ஐயா. அது மருந்துக்கு முன்பின் பற்றிய சொல் அன்று. ஆண்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில ரகங்கள் உதவுகின்றன; அவற்றையும் மருந்து முடிந்த பிறகு அன்றி, மருந்தோடு சேர்ந்த நாள்களிலேயே, வேளைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுப்பது வழக்கம். அவற்றுள் ஒன்றான சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்பது ஈஸ்ட் வகை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்வதில்லை. முடிந்த பிறகு கொடுப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மருந்துக்குப் பின் ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிர்கள் மீண்டு வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாயிற்று. உங்கள் மகனுக்கு வேறு நோய் இல்லையென்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும், பெரிய இரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் இதைத் தாமாகக் கொடுக்கவே கூடாது. அந்த நுண்ணுயிரே இரத்தத்தில் கலந்து தொற்றாகிவிடக்கூடும்.

கேள்வி (சென்னை): எனக்குச் சின்ன வெங்காயம் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்கொள்கிறது. குடல் நுண்ணுயிர்கள் குறைவு என்று நினைத்து ப்ரீபயாட்டிக் பொடியை இரண்டு கரண்டி சேர்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: அம்மா, பொடியின் பின்புறம் இன்யூலின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படி எழுதியிருந்தால், வெங்காயத்தில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத அதே ஃப்ரக்டானைக் கரண்டிக் கணக்கில் விழுங்கியிருக்கிறீர்கள். நுண்ணுயிர் குறைவு என்றால் வாயு கூட இவ்வளவு வராது. உள்ளே புளிப்பதற்கு ஆள் இருப்பதால்தான் வருகிறது. பொடியை உடனே நிறுத்துங்கள். இரண்டு வாரம் வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கிப் பார்த்து, உப்புசம் தணிந்தால் சிறுகச் சிறுகச் சேர்த்து, உங்கள் எல்லை எங்கே என்று கண்டுகொள்ளலாம். உளுந்து, கடலை போன்றவற்றை இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு தரும் சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் குழம்புக்கு வரும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், இந்தச் சோதனைகளையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள்.