மணல் குழியில் ஸ்ட்ரட் சுமையைக் கணக்கிடுவது

கேள்வி: 9 மீட்டர் ஆழக் குழி, மணல். முக்கோண அழுத்தம் வைத்தால் மேல் ஸ்ட்ரட்டுக்கு 91 kN தான் வருகிறது. போதுமா?

போதாது. சுவரின் தலையை ஸ்ட்ரட் பிடித்துக்கொள்கிறது; கீழே தோண்டத் தோண்ட அடிப்பகுதிதான் உள்ளே நகர்கிறது. அதனால் அழுத்தம் மேல்நோக்கி மாறிவிடும். முக்கோணம் இதைக் காட்டாது. களத்தில் அளந்த ஸ்ட்ரட் சுமைகளிலிருந்து பெக் 1969-ல் தந்த வரைபடம், மணலுக்கு முழு ஆழத்துக்கும் ஒரே அழுத்தம்:

p = 0.65 Ka γ H

γ = 18 kN/m³, φ = 30° (Ka = 1/3) என்றால் p = 35.1 kPa.

ஸ்ட்ரட்டுகள் 1.5, 4.5, 7.5 மீட்டர் ஆழத்தில், கிடையாக 3 மீட்டருக்கு ஒன்று என்று வைப்போம். நடு ஸ்ட்ரட்டில் கீல் இருப்பதாகக் கொண்டு சுவரை இரண்டாக வெட்டுங்கள். மேல்துண்டு 4.5 மீட்டர், கீலைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் மேல் ஸ்ட்ரட் 35.1 × 4.5 × 2.25 / 3 = 118.5 kN/m, கீலில் மிச்சம் 39.5. கீழ்த்துண்டும் அப்படியே. 3 மீட்டரால் பெருக்கினால் மேலும் கீழும் 355 kN, நடுவில் 237. கூட்டினால் 948 kN. p × 9 × 3-உம் அதுவே. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள்.

இது ஸ்ட்ரட் சுமைக்கான உச்ச எல்லை, மண்ணின் உண்மை அழுத்தம் அல்ல. வரைபடம் நீர் வடிந்த மணலுக்கானது: குழிக்கு வெளியே நிலத்தடி நீர் நின்றால் மண்ணுக்கு மிதவை எடை எடுத்து, நீரழுத்தத்தைத் தனியே கூட்ட வேண்டும். ஓரத்தில் லாரி, கம்பிக்கட்டு நிற்குமானால், அந்த மேற்சுமை q என்றால், Ka × q-வும் சேரும்.

நடு ஸ்ட்ரட் பூட்டுமுன் 6 மீட்டர் வரை தோண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மேல் ஸ்ட்ரட் தனியாகவே சுமையைத் தாங்க வேண்டிவரும். வேலர் வளைவதும் முனைத் தகடு திருகுவதும் அது மீறிய சுமையில் இருப்பதன் முதல் அறிகுறிகள்.