பைசெக்‌ஷன் சரியாகத்தான் ஓடுகிறது, நிறுத்தும் இடம்தான் தப்பு

கேள்வி: பைசெக்‌ஷன் முறையில் இம்ப்ளைட் வாலட்டிலிட்டி கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். மற்ற ஸ்ட்ரைக்குகளுக்கு நன்றாக வருகிறது. ஆழமான இன்-த-மணி கால் ஆப்ஷன்களுக்கு மட்டும் ஒன்றில் 12.5% என்கிறது, இன்னொன்றில் கிட்டத்தட்ட பூஜ்யம் என்கிறது. எங்கே தப்பு?

அந்த 12.5% என்ற எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. 0 முதல் 100% வரை எல்லை வைத்துத் தேட ஆரம்பித்தால் முதல் நடுப்புள்ளி 50, அடுத்தது 25, அதற்கடுத்தது 12.5. ஆக, உங்கள் லூப் மூன்றாவது சுற்றிலேயே "கிடைத்துவிட்டது" என்று வெளியே வந்திருக்கிறது. "மாடல் விலைக்கும் சந்தை விலைக்கும் வித்தியாசம் 0.01-க்குள் வந்தால் நிறுத்து" என்று எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பல பாடக்குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது, அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒழுங்காக வரும் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அடிப்படைப் பங்கு 100, ஸ்ட்ரைக் 105, வட்டி ஆண்டுக்கு 5%, முதிர்வுக்கு 0.25 ஆண்டு, டிவிடெண்ட் கிடையாது, ஐரோப்பிய பாணி கால். சந்தையில் அதன் விலை 3.00. எந்த வாலட்டிலிட்டியைப் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் 3.00 வரும் என்பதுதான் நாம் தேடுவது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு வாலட்டிலிட்டியை நேரடியாக எடுக்க வழியில்லை, அதனால்தான் தேட வேண்டியிருக்கிறது.

50% போட்டால் 8.39 வருகிறது, அதிகம். மேல் எல்லையை 50-க்கு இறக்குகிறோம். 25% போட்டால் 3.44, இன்னும் அதிகம். 12.5% போட்டால் 1.11, குறைவு. இப்போது விடை 12.5-க்கும் 25-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 18.75% தருவது 2.24, 21.875% தருவது 2.84. இரண்டும் குறைவு என்பதால் கீழ் எல்லை மேலே ஏறுகிறது. 23.4375% தருவது 3.14. அடுத்த நடுப்புள்ளி 22.65625%, அது தருவது 2.99. இப்படியே போனால் 22.73%-இல் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு இடைவெளி சரிபாதியாகிறது. ஆகவே 1 அகலத்தில் ஆரம்பித்து 0.0001-க்குக் கீழே வர 14 சுற்று போதும்.

இது தவறாமல் வேலை செய்வதற்குக் காரணம், வாலட்டிலிட்டி ஏற ஏற ஆப்ஷன் விலையும் ஏறிக்கொண்டே போகும், எங்கும் திரும்பி இறங்காது என்பதுதான். வாலட்டிலிட்டி பூஜ்யத்தை நெருங்கும்போது கால் விலை போய் நிற்கும் இடம், `S - K*exp(-r*T)` அல்லது 0, இரண்டில் எது பெரிதோ அது. மறுபக்கம் வாலட்டிலிட்டி எவ்வளவு ஏறினாலும் விலை S-ஐத் தாண்டாது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழும் எந்த விலைக்கும் ஒரே ஒரு விடைதான். எல்லைக்கு வெளியே விழுந்தால் விடையே இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் உங்கள் புரோகிராம் சோதிக்காமல் விட்டிருக்கிறது.

இப்போது உங்கள் பிரச்சினை. மற்ற எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஸ்ட்ரைக்கை மட்டும் 80 ஆக்குங்கள். 80-இன் இன்றைய மதிப்பு 79.0062. ஆக, இந்தக் கால் 20.9938-க்குக் கீழே இருக்க மாடலில் இடமில்லை. சந்தை விலை 21.00 என்று வைத்துக்கொள்வோம். அதில் 20.9938 போக, வாலட்டிலிட்டியைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடிய பங்கு வெறும் 0.0062.

பைசெக்‌ஷனை ஓட்டிப் பாருங்கள். 50% மிக அதிகம். 25% தருவது 21.12, அதிகம். 12.5% தருவது 20.994. சந்தை விலையோடு வித்தியாசம் 0.006. உங்கள் 0.01 நிபந்தனை நிறைவேறிவிட்டது, லூப் நின்றுவிட்டது, விடை 12.5% என்று அச்சாகிவிட்டது. உண்மையான விடை சுமார் 17%. விலையில் ஒரு பைசாகூட இல்லாத பிழை, வாலட்டிலிட்டியில் நாலரை புள்ளியாக வீங்கியிருக்கிறது.

ஏனென்றால் இந்த இடத்தில் வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. 105 ஸ்ட்ரைக்கில் வாலட்டிலிட்டி ஒரு புள்ளி ஏறினால் விலை சுமார் 0.19 ஏறும். 80 ஸ்ட்ரைக்கிலோ வாலட்டிலிட்டியைப் பூஜ்யத்திலிருந்து 15% வரை ஏற்றினாலும் விலை மொத்தமாக 0.002-கூட நகராது. அதனால் நிறுத்தும் நிபந்தனையை விலையின் மேல் வைக்காதீர்கள், `hi - lo`-வின் மேல் வையுங்கள். தேடுவது வாலட்டிலிட்டி என்றால் துல்லியத்தையும் அதில்தானே அளக்க வேண்டும்?

இரண்டாவது அறிகுறியான பூஜ்யம் வேறு நோய். விலை 20.90 என்று கொடுத்துப் பாருங்கள். அது 20.9938-க்குக் கீழே இருப்பதால் விடை கிடையாது. ஆனால் பைசெக்‌ஷனுக்கு அது தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் "இன்னும் அதிகம், இன்னும் அதிகம்" என்று மேல் எல்லையை இறக்கிக்கொண்டே போய், 14 சுற்று முடிவில் 0.003% என்று ஓர் எண்ணை நீட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது.

அப்படி ஒரு விலை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் கடைசியாக வர்த்தகமான விலையை எடுத்ததால்தான். ஆழமான இன்-த-மணி ஸ்ட்ரைக்குகளில் வர்த்தகம் அரிது. பங்கு 99.90-இல் இருந்தபோது 20.90-க்குக் கைமாறியிருக்கும், அப்போது அது ஒழுங்கான விலைதான். இப்போது பங்கு 100. பழைய ஆப்ஷன் விலையையும் புதிய பங்கு விலையையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் இப்படித்தான் ஆகும். இந்தக் கால் பங்கோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாக நகரும், அதனால் பங்கு விலையில் 0.10 பிசகினால் அந்த 0.0062 இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

இரண்டுக்கும் சேர்த்துத் திருத்திய வடிவம் இது:

```python
from math import log, sqrt, exp, erfc

def N(x):
    return 0.5 * erfc(-x / sqrt(2))

def call(S, K, r, T, v):
    d1 = (log(S/K) + (r + v*v/2)*T) / (v*sqrt(T))
    return S*N(d1) - K*exp(-r*T)*N(d1 - v*sqrt(T))

def iv(C, S, K, r, T):
    if not max(S - K*exp(-r*T), 0) < C < S:
        return None
    lo, hi = 0.0, 1.0
    while call(S, K, r, T, hi) < C:
        hi *= 2
    while hi - lo > 0.0001:
        mid = (lo + hi) / 2
        if call(S, K, r, T, mid) < C:
            lo = mid
        else:
            hi = mid
    return (lo + hi) / 2
```

`lo` பூஜ்யத்தில் ஆரம்பித்தாலும் சூத்திரத்தில் பூஜ்யம் நேரடியாகப் போவதில்லை, நடுப்புள்ளிகள் மட்டுமே போகின்றன. அதனால் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வராது. 100%-க்கு மேல் வாலட்டிலிட்டி தேவைப்படும் ஆப்ஷன்களும் உண்டு, முதல் `while` அதற்காகத்தான்.

"இதற்கெல்லாம் பைசெக்‌ஷனா, நியூட்டன் முறையில் நாலு சுற்றில் முடியுமே" என்று கீழே யாராவது நிச்சயம் எழுதுவார்கள். 105 ஸ்ட்ரைக்குக்கு அது உண்மைதான், மறுக்கவில்லை. அவர்களே 80 ஸ்ட்ரைக்கை எடுத்து 10%-இல் ஆரம்பித்துப் பார்க்கட்டும். அங்கே வேகா, அதாவது வாலட்டிலிட்டி மாற்றத்துக்கு விலை மாறும் வீதம், 100 புள்ளிக்குச் சுமார் 0.00027. தேவைப்படும் 0.0062-ஐ அதால் வகுத்தால் அடுத்த ஊகம் 2300%-ஐத் தாண்டும். அங்கேயும் வேகா ஒன்றுமில்லாததால், அதற்கடுத்த ஊகம் கோடிக்கணக்கில் எதிர்மறை எண். ஆரம்பப் புள்ளியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நியூட்டனையும் அடக்கி ஓட்டலாம். அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் பைசெக்‌ஷன். ஒரு ஸ்ட்ரைக்குக்கு 14 முறை சூத்திரத்தை ஓட்டுவது இன்றைய கணினிக்கு ஒரு வேலையே இல்லை.

ஆனால் நிபந்தனையைத் திருத்திவிட்டதால் மட்டும் அந்த 17%-ஐ நம்பலாம் என்று ஆகிவிடாது. சந்தையில் ஒரே விலை இல்லை, பிட் ஒன்று, ஆஸ்க் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியாக `iv`-ஐ ஓட்டுங்கள். 105 ஸ்ட்ரைக்கில் பிட் 2.95, ஆஸ்க் 3.05 என்றால் விடைகள் சுமார் 22.5%, 23.0%. அரைப் புள்ளி இடைவெளி, பயன்படுத்தலாம். 80 ஸ்ட்ரைக்கில் அதே 0.10 இடைவெளியோடு பிட் 20.95, ஆஸ்க் 21.05 என்று வையுங்கள். பிட்டுக்கு `None`, ஆஸ்க்குக்கு சுமார் 22%. அதாவது இந்த விலைகள் சொல்வது "பூஜ்யத்திலிருந்து 22% வரை எதுவாகவும் இருக்கலாம்" என்பது மட்டுமே. இதில் நடு விலையை எடுத்து 17% என்று எழுதுவது எண் ஜோடனைதான்.

இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வர்த்தகத் திரைகளில் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் ஐ.வி. இரண்டு தசம இடத்தோடு ஜம்மென்று வந்து நிற்கும். எந்த விலையில் கணக்கிட்டது, என்ன வட்டி போட்டது, விடை இல்லாதபோது என்ன செய்தது, ஒன்றும் எழுதியிருக்காது. அதோடு உங்கள் எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காக உங்கள் புரோகிராமைச் சந்தேகிக்க வேண்டாம். `None` வந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், 0 என்று நிரப்பாதீர்கள். அந்தப் பூஜ்யம் பின்னால் சராசரியில் கலந்துவிடும்.

80 ஸ்ட்ரைக்குக்கு ஓர் எண் தேவைதான் என்றால் அதே ஸ்ட்ரைக், அதே முதிர்வு புட்டை எடுங்கள். புட்-கால் சமன்பாட்டின்படி இரண்டுக்கும் ஒரே வாலட்டிலிட்டிதான். புட் அவுட்-ஆஃப்-த-மணி என்பதால் அதன் விலை முழுக்க நேர மதிப்பு. பிட்-ஆஸ்க் இடைவெளியும் பெரும்பாலும் காலைவிடக் குறுகலாக இருக்கும். பங்கு விலை கொஞ்சம் பிசகினாலும் விடை அந்த அளவுக்குக் கெடாது. புட் விலையைக் கால் சூத்திரத்தில் போட்டுவிடாதீர்கள், அதோடு `S - K*exp(-r*T)` சேர்த்துக் கால் விலையாக்கி `iv`-க்குக் கொடுத்தால் போதும்.

இவ்வளவும் ஐரோப்பிய பாணிக்கு. அமெரிக்க பாணி புட் என்றால் விலை சொல்லும் இடத்தில் பைனாமியல் ட்ரீ வர வேண்டும், கீழ் எல்லை `K - S` அல்லது 0, இரண்டில் எது பெரிதோ அது. பைசெக்‌ஷன் லூப்பில் மாற்றம் வேண்டாம். ஆழமான இன்-த-மணியில் வாலட்டிலிட்டி குறைவாக இருந்தால் உடனே எக்சர்சைஸ் செய்வதே லாபம் என்பதால், ஒரு வரம்புக்குக் கீழே உள்ள எல்லா வாலட்டிலிட்டிக்கும் விலை `K - S`-ஆகவே நிற்கும். சந்தை விலையும் அதே `K - S` என்றால் விடை ஒன்றல்ல, அந்த வரம்பு வரை எல்லாமே விடை. அங்கேயும் `None` கொடுங்கள்.