ஊதுபத்தி அட்டையில் லட்சுமி படம்: கேட்டதும் சொன்னதும்

அல்சூரில் வீட்டிலேயே ஊதுபத்தி செய்து விற்கிறேன். கூகுளில் எடுத்த ரவிவர்மா லட்சுமியை அட்டையில் போடலாமா?

நிஜமாகவே ரவிவர்மா வரைந்தது என்றால் தாராளமாகப் போடலாம். அவர் 1906-ல் காலமானார். ஓவியர் இறந்து 60 வருடம் வரைதான் காப்பிரைட். ஆனால் அவர் அச்சகம் கைமாறிய பிறகு வேறு ஓவியர்களின் படங்களும் அங்கிருந்து வந்தன. இன்று எல்லாமே அவர் பேரில்தான் உலவுகின்றன. பழைய அச்சுப்படத்தின் ஓரத்தில் படத்தலைப்பும் அச்சகப் பெயரும் இருக்கும். இணையத்தில் பெரும்பாலும் அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். ஓரத்தோடு இருக்கும் பிரதியைத் தேடுங்கள். பளபளவென்று புது நகையும் ஒளிவட்டமும் சேர்த்த படம் வேண்டாம். சேர்த்தவருக்கு அந்தப் பகுதியில் உரிமை இருக்கலாம்.

சாமி எல்லோருக்கும் பொது சார். தாத்தா காலத்து சிவகாசி காலண்டரை ஸ்கேன் பண்ணினால் யார் கேட்கப் போகிறார்கள்?

சாமி பொதுதான், வரைந்த ஓவியம் பொது இல்லை. படத்தின் கீழ் மூலையில் கையெழுத்தைப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜு என்று இருந்தால், அவர் மறைந்தது 1976. கணக்கு அடுத்த ஜனவரியில் தொடங்கி 2036 டிசம்பரில்தான் முடிகிறது. சீடர் கையெழுத்து என்றால் சீடரின் காலக்கணக்கு. கையெழுத்தே இல்லாமல், யார் வரைந்தது என்றும் தெரியாவிட்டால், முதலில் வெளியானதிலிருந்து 60 வருடம். காலண்டரில் உள்ள வருடம் மறு அச்சின் வருடமாகவும் இருக்கலாம். உரிமை வாரிசிடமா, அச்சகத்திடமா என்று கேட்டால் பல படங்களுக்குப் பதிலே கிடைக்காது. நானாக இருந்தால் தொடமாட்டேன்.

ஜெயநகரில் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கிறது. அதை நவராத்திரி அழைப்பிதழில் அச்சடிக்கலாம்தானே?

பூஞ்சைக்கு ஃப்ரேம்காரரைக் கேளுங்கள். கடையில் தயாராக இருந்ததை வாங்கினீர்கள் என்றால் படம்தான் உங்களுடையது, அச்சடிக்கும் உரிமை வரைந்தவருடையது. நீங்களே பணம் கொடுத்து வரையச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுக்கே. முதல் வகை என்றால் ஓவியரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(அல்சூர்க்காரர் மறுபடியும்) காப்பிரைட் சரி. காலி அட்டை குப்பைக்குத்தானே போகும் என்று மாமியார் கோபிக்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் கிழிக்கும் இடத்தைப் பாருங்கள்: மூடியின் மடிப்பு முகத்தின் குறுக்கே போனால், வாங்குகிறவர் அம்பாள் கழுத்தைக் கிழித்துத்தான் பத்தியை எடுக்க வேண்டும். பார்கோடும் விலை ஸ்டிக்கரும் பாதத்தின் மேல் விழக்கூடாது. அட்டையில் தாமரையும் கலசமும் மட்டும் போட்டு, லட்சுமியைத் தனிச் சீட்டாக உள்ளே வைத்தால், விரும்புகிறவர்கள் பூஜை அறையில் ஒட்டிக்கொள்வார்கள். செலவு கொஞ்சம் கூடும்.

தீப்பெட்டியிலேயே சாமி படம் போட்ட ஊர் நம்முடையது. இதெல்லாம் அதிகப்படி!

இருக்கலாம். வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு புண்படுத்தினால்தான் சட்டப்படி குற்றம். ஆனால் வாடிக்கையாளர் சட்டம் பார்த்துக் கோபப்படுவதில்லை. இதில் அல்சூர்க்காரரின் மாமியார் பக்கம்தான் நான். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிராண்ட் பேரை 'ராமாயணம்' என்று பதிவு செய்யலாமா?

முடியாது. ஊதுபத்திக்கே இந்தப் பேரைக் கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். புனித நூலின் பேர் ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது.