ஜி.எஸ்.டி.க்கா, ஜிஎஸ்டி-க்கா? அலுவலகக் கடிதத்தில் புள்ளியும் மேற்கோள் குறியும்

கேள்வி: ஆபீஸ் கடிதத்துல ஜி.எஸ்.டி., வி.ஏ.ஓ., ஆன்லைன் மாதிரி வார்த்தை வந்தா புள்ளி, மேற்கோள் குறி எங்க வைக்கணும்? ஆளுக்கொரு மாதிரி திருத்துறாங்க.

பிரிவில் வரைவு எழுதுகிற புதியவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். புள்ளி வைப்பதா வேண்டாமா என்பதில் பெரிய சண்டை கிடையாது. “ஜி.எஸ்.டி.” என்றும் எழுதலாம், “ஜிஎஸ்டி” என்றும் எழுதலாம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். கலந்தால், பிறகு கோப்பில் தேடும்போது பாதி இடங்கள் சிக்காது.

உண்மையான சிக்கல் வேற்றுமை உருபைச் சேர்க்கும் இடத்தில். அடிக்கடி திருத்த வேண்டிவரும் மாதிரி வரி இது:

ஒப்பந்ததாரரின் ஜி.எஸ்.டி. ஐ “ஆன்லைன்” ல் சரிபார்த்து வி.ஏ.ஓ. வுக்கு அனுப்பவும்.

புள்ளிக்கும் உருபுக்கும் நடுவே இடைவெளி விட்டதுதான் முதல் தவறு. வரி அந்த இடத்தில் மடங்கினால் “வுக்கு” தனியாக அடுத்த வரியின் தலையில் போய் உட்காரும். ஒட்டி எழுதுவதானால், கடைசி எழுத்தைச் சொல்லும்போது வாயில் எந்த ஒலியில் முடிகிறதோ அதைப் பாருங்கள். ‘டி’ இகரத்தில் முடிவதால் ஜி.எஸ்.டி.யை, ஜி.எஸ்.டி.யின். ‘ஓ’வில் முடிவதால் வி.ஏ.ஓ.வை, வி.ஏ.ஓ.வுக்கு. மெய்யில் முடியும் எஸ்.எம்.எஸ். போன்றவற்றில்தான் ‘எஸ்.எம்.எஸ்.ஸில்’, ‘எஸ்.எம்.எஸ்-இல்’ என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள்.

இதைவிடச் சுலபமான வழி, உருபைச் சுருக்கத்தின் மேல் ஏற்றாமல் பின்னால் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லைப் போட்டு அதன் மேல் ஏற்றுவது:

ஒப்பந்ததாரரின் ஜி.எஸ்.டி. எண்ணை இணையத்தில் சரிபார்த்து வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பவும்.

புள்ளி, ஒட்டு, இடைவெளி மூன்றும் ஒரே அடியில் தீர்ந்தன. இன்னொரு லாபமும் உண்டு. “ஜி.எஸ்.டி.யைச் சரிபார்த்து” என்றால் எண்ணையா, கட்டிய வரியையா என்ற கேள்வி வரும். இங்கே வராது.

மேற்கோள் குறிக்கு வருவோம். ஆங்கிலச் சொல் என்பதற்காக மட்டும் குறி போடாதீர்கள். “ஆன்லைன்”, “பாஸ்போர்ட்” என்று வரிக்கு வரி குறி போட்டால் ஏதோ கிண்டல் செய்வதுபோலத் தொனிக்கும். “தகுதியான” விண்ணப்பதாரர் என்று எழுதிப் பாருங்கள், விபரீதம் புரியும். சொல் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டிய இடத்தில்தான் குறிக்கு வேலை: படிவத்தின் பத்தித் தலைப்பு, ஒப்பந்தத்தில் பொருள் வரையறுக்கும் சொல், திரையில் தெரியும் பொத்தான். அங்கேயும் உருபைக் குறிக்குப் பின் தொங்கவிடாமல், “Submit” என்ற பொத்தானை அழுத்தவும் என்று எழுதினால் போதும். ‘என்ற’ இருக்கும்போது குறி எதற்கு என்று இலக்கணக்காரர்கள் கேட்பார்கள். சாதாரண வாக்கியத்தில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் திரையில் பார்த்துச் செய்ய வேண்டியதற்கு எழுத்து மாறாமல் தெரிய வேண்டும்.

வேர்டில் ஒரு சின்ன வம்பு. திறக்கும் குறியா மூடும் குறியா என்பதை முன்னால் உள்ள எழுத்தைப் பார்த்துத்தான் அது முடிவு செய்யும். நம் வழக்கப்படி “எண்.” என்று புள்ளி வைத்து இடைவெளி விடாமல் குறியைத் தட்டினால் மூடும் குறி விழும். ஓர் இடைவெளி விட்டுக் குறியைத் தட்டிவிட்டு அந்த இடைவெளியை அழியுங்கள். ‘எண். 42’ இரண்டு வரியாக உடையாமல் இருக்க நடுவில் Ctrl+Shift+Space.

‘இ.ஆ.ப.,’ என்பதன் கால்புள்ளி பற்றியும் கேட்பீர்கள். பெயரும் பதவியும் ஒரே வரியில் வந்தால் அது இரண்டையும் பிரிக்கிறது. பதவி அடுத்த வரிக்குப் போய்விட்டால் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அதை நீக்கி மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010இல். இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளை ஒருங்குறி மாற்றியில் போட்டு எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். மாற்றிக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது. பாமினியில் G என்றால் பு, S என்றால் ளு, T என்றால் வு. ஆகவே கோப்பில் ஆங்கில எழுத்தில் இருந்த GST ‘புளுவு’ ஆகிவிடும். கால்புள்ளி விசை அங்கே ‘இ’, அதனால் ஆங்கிலத்தில் அடித்த பட்டத்துக்குப் பின்னால் காரணமில்லாமல் ஓர் ‘இ’ ஒட்டிக்கொண்டிருக்கும். அரைப்புள்ளி விசை மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றிய கோப்பு கைக்கு வந்தால் முதலில் ‘புளுவு’ என்று தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, ஆங்கிலத் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி மாற்றுங்கள்.