மணல் நெருடினால் பணம் வாபஸ்

கேள்வி: ஐயா, மண்டபம் பக்கம் நானும் என் நாத்தனாரும் மூன்று வருஷமாகக் கருவாடு போட்டு விற்கிறோம். நெத்திலி, வாளை, சூடை. மணலில் போடாமல், பரண் கட்டி வலை விரித்துத்தான் காயவைக்கிறோம். கடைகளுக்கும் கொடுக்கிறோம், வெளியூருக்குப் பார்சலும் போகிறது. இப்போது புதுக் கவர் ஐயாயிரம் அடிக்கப் போகிறோம். அதன் பின்பக்கத்தில் போடச் சொல்லி, சென்னையில் படித்த என் அண்ணன் மகன் இதை எழுதித் தந்திருக்கிறான்: ‘பாரம்பரியத்தையும் புதுமையையும் இணைத்து, உலகத் தரத்தில் ஆரோக்கியமான கடல் உணவை விரைவாக வழங்கி, வாடிக்கையாளர் மனநிறைவையும் மீனவ சமுதாய மேம்பாட்டையும் உயிர்மூச்சாகக் கொண்டு செயல்படுகிறோம்.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் நாத்தனார்தான் “இதில் நாம எங்க இருக்கோம்?” என்று கேட்கிறார். மாற்ற வேண்டுமா? எங்கள் பார்சல் நோட்டில் மூன்று மாதப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: உங்கள் நாத்தனார் கேட்டதுதான் கேள்வி. நான் இன்னொன்று கேட்கிறேன். மதுரையில் உங்கள் பாக்கெட்டை வாங்கிய ஒருவர் இந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டு, “நீங்க சொன்ன மாதிரி இல்லையே” என்று சண்டை பிடிக்க முடியுமா? முடியாது. உயிர்மூச்சு இருக்கிறதா இல்லையா என்று அவர் எதை வைத்துப் பார்ப்பார்? சண்டைக்கு இடமே கொடுக்காத வாசகம் உங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆனால் வாங்குகிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்திலேயே நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. ‘மணலில் போடாமல், பரண் கட்டி’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நெத்திலி வாங்குகிறவர்களின் முதல் குறையே மணல்தான். ஐந்து தண்ணீரில் அலசினாலும் குழம்பில் ஒரு பருக்கை நறநறவென்று கடிபடும். ‘உலகத் தரம்’ என்று தம்பி எழுதிய இடத்தில் வரவேண்டியது இந்தச் சங்கதி.

ஆனால் ‘பரணில் காயவைக்கிறோம்’ என்று மட்டும் போட்டாலும் போதாது. மதுரைக்காரர் உங்கள் பரணைப் பார்க்கப் போவதில்லை. பரண் உங்கள் வேலை, அதன் பலன் அவர் வீட்டுப் பாத்திரத்தில் தெரிய வேண்டும். நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். 100 கிராம் நெத்திலியை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். கையால் இரண்டு சுற்று கலக்கி, கருவாட்டை அள்ளி எடுத்துவிட்டு, தண்ணீரை மெதுவாகச் சாய்த்து வடியுங்கள். அடியில் தங்கியதை விரலால் தேயுங்கள். தூளும் செதிலும் இருக்கத்தான் செய்யும், அவை விரலில் மசிந்துவிடும். மணல் மசியாது, நெருடும். அதனால்தான் ‘சுத்தமானது’ என்று எழுதாதீர்கள், ‘விரலில் நெருடும் மணல் இருக்காது’ என்று எழுதுங்கள் என்கிறேன். சுத்தம் என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் உண்டு. நெருடுவது எல்லார் விரலுக்கும் ஒன்றுதான்.

கவரில் போடுவதற்கு முன், வெவ்வேறு நாளில் காய்ந்த பத்துப் பாக்கெட்டை இப்படிச் சோதியுங்கள். ஆடிக் காற்றில் காய்ந்தது ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கட்டும். பரண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தக் காற்று மணலைத் தூக்கிக்கொண்டுதான் வரும். பத்தில் மூன்று நெருடினால் வாசகத்தைத் தொடாதீர்கள், பரணைப் பாருங்கள். காற்று வரும் பக்கம் ஒரு படுதா கட்டுவது, பாக்கெட் போடுமுன் சல்லடையில் ஒருமுறை சலிப்பது என்று வழி இருக்கிறது. பத்தும் தேறிய பிறகு எழுதலாம்.

அடுத்து ‘விரைவாக’. நீங்கள் நோட்டை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அதுவும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பக்கங்கள். வருஷத்திலேயே மோசமான மூன்று மாதக் கணக்கு அது. உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 92 பார்சல். பணம் வந்த அன்றே கூரியரில் சேர்த்தது 71. மறுநாள் போனது 17. மீதி நான்கு, மூன்று நாளுக்கு மேல் தங்கியிருக்கின்றன. நான்குக்கும் எதிரில் ‘மழை, சரக்கு காயல’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

‘அன்றே அனுப்புவோம்’ என்று எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். எழுதியிருந்தால் மூன்று மாதத்தில் 21 பேரிடம் பொய் சொன்னதாகியிருக்கும். ‘மறுநாள் மாலைக்குள்’ என்றால் நான்கே பேர். கெட்ட மாதத்திலும் தாங்குகிற அளவில்தான் வாக்கு கொடுக்க வேண்டும். நல்ல மாதத்தில் அதற்கு முந்தி அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நான்கு பேருக்கும் ஒரு வரி வேண்டும்: சரக்கு காயவில்லை என்றால் அன்றே சொல்லிவிடுவோம், காத்திருக்க விருப்பமில்லையென்றால் பணத்தைத் திருப்பிவிடுவோம்.

இன்னொரு விஷயம். ‘மூன்று நாளில் உங்கள் வீட்டில்’ என்று எழுதிவிடாதீர்கள். கூரியர் வண்டி உங்கள் கையில் இல்லை. கூரியர்காரரிடம் கொடுப்பது வரைதான் உங்கள் கையில் இருக்கிறது. ரசீதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால், சொன்ன தேதியில் கொடுத்தீர்களா என்று அதிலுள்ள தேதியைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார்.

தேதி என்றதும் நினைவு வருகிறது. பாக்கெட் போட்ட மாதம், எடை, விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இதெல்லாம் சட்டப்படி போட்டே ஆகவேண்டியவை. அதைப் போய்ப் பெருமையாக எழுத வேண்டாம். ஆனால் கருவாட்டில் பாக்கெட் போட்ட தேதி ஒன்று, காய்ந்த தேதி ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன்தான். பங்குனியில் காய்ந்த வாளையை வைகாசியில் பாக்கெட்டில் அடைத்தால் கவரில் வைகாசி என்றுதான் இருக்கும். அதில் சட்டப்படி தப்பு இல்லாமல் இருக்கலாம், வாங்குகிறவர் நினைப்பது வேறு. ‘காயவைத்து எடுத்த நாள்’ என்று தனியாக ஒரு வரி விட்டுப் பேனாவால் எழுதுங்கள். அந்தத் தேதி உண்மையா என்று மதுரையிலிருந்து முழுதாகச் சரிபார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மழை கொட்டிய நாளின் தேதியைப் போட்டால் உங்கள் ஊரே சிரிக்கும்.

‘ஆரோக்கியமான’ என்பதை எடுத்துவிடுங்கள். உப்புக் கருவாடு தின்கிற ரத்த அழுத்தக்காரரிடம் அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கே வாய் வராது. அதற்குப் பதிலாக எது உப்புப் போட்டது, எது போடாதது என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் எழுதினால் போதும், அவருக்கு வேண்டியது அதுதான். ‘ரசாயனம் கலக்காதது’ என்று போடவும் ஆசை வரும். நீங்கள் கலக்கவில்லை என்று நம்புகிறேன். ஆனால் வீட்டில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு தடவை காயவைத்த சரக்கின் மாதிரியைக் கொடுத்துச் சோதித்து, அந்தச் சரக்குக்கு ஒரு எண் போட்டு, கேட்டவருக்கு அந்த அறிக்கையை அனுப்ப முடியுமானால் எழுதலாம். அதுவும் அந்த எண் உள்ள பாக்கெட்டில் மட்டும். முடியாவிட்டால் அந்த வரி வேண்டாம்.

‘மீனவ சமுதாய மேம்பாடு’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கரையில் இன்று நெத்திலி கிலோ என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று உங்கள் வாசலில் பலகை வைப்பீர்களா? வைத்தால் அது வாக்கு. கரையில் நிற்கிற பெண்கள் அன்றைக்கே சரிபார்த்துவிடுவார்கள். பக்கத்து வியாபாரிக்கும் விலை தெரிந்துவிடுமே என்று தயங்கினால், அது நியாயமான தயக்கம்தான். அப்போது அந்த வரியை அடித்துவிடுங்கள்.

வாக்கு தவறினால் என்ன செய்வீர்கள் என்பது இல்லாமல் எந்த வாக்கும் பாதிதான். நான் ஒருமுறை மிக்ஸி ஒன்றைப் பற்றிப் புகார் கொடுத்தேன். அந்தக் கம்பெனி ‘48 மணி நேரத்தில் பதில்’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பதில் வந்தது, சொன்ன நேரத்துக்குள்ளேயே வந்தது. ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.’ மிக்ஸி அப்புறம் ஒன்றரை மாதம் பரணில் கிடந்தது. சரிபார்க்கக்கூடிய வாக்குதான், அவர்கள் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். எனக்கு என்ன பிரயோஜனம்? ஆகையால் ‘பதில் சொல்வோம்’ என்று எழுதாமல், பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதுங்கள். பாக்கெட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள், பார்சல் கூலி கருவாட்டு விலையைத் தின்றுவிடும். படம் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான உத்தரவாதம் தருவதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கணக்கில் எடுக்கிறது. ‘உயிர்மூச்சு’ உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்காது, ‘மூன்று நாளில் பணம்’ இழுக்கலாம். பெரிய கம்பெனிகள் ஏன் முதல் வகையையே விரும்புகின்றன என்பது இப்போது புரிந்திருக்கும். பயப்படச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நீங்களா, நாத்தனாரா, யார் பொறுப்பு என்று வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேர் எழுத முடியாத வரியைக் கவரில் ஏற்றாதீர்கள்.

என் கணக்கில் கவரின் பின்பக்கம் இப்படி வரும்:

‘இந்த நெத்திலி பரணில், வலைமேல் காய்ந்தது. பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். அடியில் விரலில் நெருடும் மணல் இருந்தால், பாக்கெட் கைக்கு வந்த 7 நாளுக்குள் படம் எடுத்து அனுப்புங்கள். மூன்று நாளில் முழுப் பணமும் திரும்ப வரும், பாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டாம். பணம் கட்டிய மறுநாள் மாலைக்குள் (ஞாயிறு தவிர) கூரியரில் கொடுத்து ரசீது அனுப்புவோம். மழையால் சரக்கு காயவில்லை என்றால் அன்றே சொல்வோம், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்புவோம். உப்பு: போடவில்லை. காயவைத்து எடுத்த நாள்: ________’

வாளைக்கும் சூடைக்கும் இதையே அப்படியே போடாதீர்கள். அவற்றைத் தனியாகச் சோதித்த பிறகு மணல் வரியைச் சேர்க்கலாம், உப்பு வரி எப்படியும் மாறும்.

ஐயாயிரம் கவரை இப்போதைக்கு வெறும் பின்பக்கத்தோடு அடியுங்கள். இந்த வாசகத்தை இருநூறு ஸ்டிக்கராகப் போட்டு, ஒரு தடைக்காலமும் ஒரு ஆடியும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை படம் வந்தது, எவ்வளவு பணம் திரும்பப் போனது என்று அதே பார்சல் நோட்டில் கடைசிப் பத்தியில் குறித்து வாருங்கள். அந்தக் கணக்கைப் பார்க்கிற வேலையைத் தம்பியிடம் கொடுங்கள்.