நஸ்ஸலவும் அன்ஸலவும்: ஆலு இம்ரான் 3ஆம் வசனம் பத்தின உங்க கேள்விகள்

ஆலு இம்ரான் 3ஆம் வசனத்தைப் பத்தி நான் ரெண்டு வரி எழுதினதுக்கு அப்புறம் வந்த கேள்வி எல்லாமே ஒரே வார்த்தையைச் சுத்தி இருக்கு, அதனால ஒண்ணா சேர்த்தே பதில் எழுதிடறேன். வசனம் இதுதான்: "நஸ்ஸல அலைக்கல் கிதாப பில்ஹக்கி முஸத்திகன் லிமா பைன யதைஹி வஅன்ஸலத் தவ்ராத வல் இன்ஜீல்". தனக்கு முன்னால வந்ததை உண்மைப்படுத்துற வேதத்தை சத்தியத்தோட உம் மேல இறக்கினான், தவ்ராத்தையும் இன்ஜீலையும் இறக்கினான். தமிழ்ல ரெண்டு இடத்துலயும் 'இறக்கினான்'தான் வருது, ஆனா அரபில முதல்ல நஸ்ஸல, அப்புறம் அன்ஸல.

நஸல்னா சந்ததின்னு படிச்சிருக்கேன். அதுக்கும் இறக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தமே இல்ல, இது தமிழ் எழுத்து பண்ற குழப்பம். சந்ததிங்கற நஸ்ல்ல நடு எழுத்து ஸீன். நம்ம வசனத்துல இருக்கறது ஸாய், ஒரு புள்ளி வச்ச எழுத்து. ஸீன், ஸாய், ஸாத் எல்லாத்தையும் நாம ஒரே 'ஸ' போட்டு எழுதறதால தமிழ்ல பார்த்து வேர் தேடினா தப்பான வேர்லதான் போய் நிப்போம். முதல்ல அரபில எழுத்தைப் பாருங்க, அப்புறம் அகராதியைத் தொறங்க. நூன், ஸாய், லாம், இந்த மூணும்தான் வேர், அடிப்படை அர்த்தம் மேலேருந்து கீழ வர்றது, வந்து தங்கறது. நம்ம ஊர்ல வீட்டு வாசல்ல 'ரஹ்மத் மன்ஸில்'னு போர்டு வச்சிருப்பாங்க இல்ல, அந்த மன்ஸிலும் இதே வேர்தான், பயணம் வந்தவன் வாகனத்தை விட்டு இறங்கற இடம். வேருக்கு முன்னால 'ம' சேர்ந்து இடத்தைக் குறிக்கற பேரா ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

நஸ்ஸலன்னா கொஞ்சம் கொஞ்சமா இறக்கறது, அன்ஸலன்னா ஒரே தடவையில இறக்கறதுன்னு எங்க உஸ்தாது சொல்லிக் கொடுத்தாங்க. அது சரிதானா?

உங்க உஸ்தாது சொன்னது பழைய, கனமான கருத்து, அதை லேசா தள்ளிட முடியாது. 1144ல இறந்த குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்ஷரி இந்த வசனத்துக்கு இதைத்தான் சொல்றார்: குர்ஆன் பகுதி பகுதியா இறங்கிச்சு, அதனால நஸ்ஸல, மத்த ரெண்டு வேதமும் மொத்தமா இறங்கிச்சு, அதனால அன்ஸல. இதுக்கு ஆதாரம் ஸர்ஃப்லயே, அதாவது சொல் வடிவத்தைப் பத்தின இலக்கணத்துலயே இருக்கு. பாபு தஃப்ஈல், அதாவது நடு எழுத்தை இரட்டிக்கற ஷத்து வர்ற வாய்பாடு, பல சமயம் ஒரு செயல் நிறைய தடவை நடந்ததைக் காட்டும். கதஅ வெட்டினான், கத்தஅ துண்டு துண்டா வெட்டினான். யூசுஃப் சூராவுல அந்த அம்மா கதவுகளை மூடின இடத்துல (12:23) 'கல்லகத்'னு ஷத்தோட வருது, ஏன்னா மூடினது பல கதவு. நஸ்ஸலவுக்கும் அதே கணக்கைப் போட்டா 'பல தடவையா இறக்கினான்'னு வரும். 17:106ல குர்ஆனைப் பிரிச்சுப் பிரிச்சு, நிதானமா ஓதிக் காட்டறதுக்காகன்னு சொல்லிட்டு 'நஸ்ஸல்னாஹு தன்ஸீலா'ன்னு முடியறதும் இதுக்கு நல்லா ஒத்துப் போகுது.

ஆனா 25:32ஐத் தொறந்து பாருங்க. மறுத்தவங்க கேக்கறாங்க: "லவ்லா நுஸ்ஸில அலைஹில் குர்ஆனு ஜும்லதன் வாஹிதா", இந்தக் குர்ஆன் இவர் மேல ஒரே மொத்தமா இறக்கப்பட்டிருக்கக் கூடாதா? 'ஒரே மொத்தமா'ங்கற சொல் பக்கத்துலயே நிக்குது, வினைச்சொல்லோ அதே ஷத்து போட்ட வாய்பாடு (செயப்பாட்டுல நுஸ்ஸில). நஸ்ஸலன்னாலே கொஞ்சம் கொஞ்சமான்னு அர்த்தம்னா இந்த வாக்கியம் தன்னையே முட்டிக்கும். ஸமக்ஷரிக்கும் இது தெரியும், இந்த இடத்துல நுஸ்ஸிலவுக்கு உன்ஸிலவோட அர்த்தம்தான்னு அவரே எழுதறார், கப்பரவும் அக்பரவும் ஒண்ணா வர்ற மாதிரின்னு உதாரணமும் தர்றார்.

1344ல கெய்ரோவுல இறந்த கிரனாடாக்கார இலக்கண அறிஞர் அபூ ஹய்யான் இதைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் ஆழமா போறார், எனக்கு இந்தத் தலைப்புலயே ரொம்பப் பிடிச்ச வாதம் இதுதான். ஷத்து 'நிறைய தடவை'ங்கற அர்த்தம் தர்றதெல்லாம் பெரும்பாலும் ஏற்கனவே செயப்படுபொருள் எடுக்கற வினையிலதான்னு சொல்றார். கதஅன்னா எதையாவது வெட்டணும், அதுக்குப் பொருள் ஏற்கனவே இருக்கு, அதனால ஷத்து வந்தா அதுக்குச் செய்ய மிச்சம் இருக்கற வேலை அளவைக் கூட்டறதுதான். நஸல அப்படி இல்ல, அது சும்மா 'இறங்கினான்', பொருளே எடுக்காது. அதுல ஷத்து வந்தா அது செய்யற முதல் வேலை இறங்கினானை இறக்கினானா ஆக்கறது, அந்த வேலையிலயே ஷத்து செலவாயிடுது. மவ்வததில் இபில், ஒட்டகங்கள் நிறைய செத்துச்சுங்கற மாதிரி விதிவிலக்கு உண்டு, ஆனா அது அபூர்வம்.

தமிழ் தெரிஞ்ச நமக்கு இது சட்டுனு பிடிபடும், ஏன்னா நாமளும் எழுத்தை இரட்டிச்சுதான் தன்வினையைப் பிறவினை ஆக்கறோம். பஸ்ஸை விட்டு இறங்கினான், மூட்டையை இறக்கினான். ஆடினான், ஆட்டினான். 'மூட்டையை இறக்கினான்'னு கேட்டா ஒவ்வொண்ணா இறக்கினானா மொத்தமா இறக்கினானான்னு அந்த வினையை வச்சு மட்டும் சொல்ல முடியுமா? முடியாது. நஸ்ஸலவும் அப்படித்தான்.

அப்போ ரெண்டும் ஒண்ணுதான்னா ஒரே வசனத்துல ஏன் மாத்தி வரணும்?

நியாயமான கேள்வி, ஆனா மாறி வந்தாலே அர்த்தம் மாறணும்னு கட்டாயம் இல்ல. 66:3ல நபியோட மனைவி "மன் அன்பஅக ஹாதா", இதை உங்களுக்கு யார் சொன்னதுன்னு கேக்கறாங்க, பதில் "நப்பஅனியல் அலீமுல் கபீர்". கேள்வியில அன்பஅ, பதில்ல நப்பஅ, சொல்லப்பட்ட விஷயம் ஒண்ணேதான். நம்ம வசனத்துக்கே திரும்பினாலும், நாலே வசனம் தள்ளி 3:7ல அதே குர்ஆனைப் பத்தி 'அன்ஸல அலைக்கல் கிதாப்'னு வந்துடுது.

என் கருத்தைக் கேட்டா, 3:3லயும் 4:136லயும் ரெண்டு வாய்பாடும் எதிரெதிரா நிக்கறதால அங்க ஸமக்ஷரி சொன்ன நயத்தைக் காதுல வாங்கிக்கறது தப்பில்ல, வரலாறும் அதுக்கு ஒத்து வருது. ஆனா அது அந்த இடமும் அந்த எதிர்நிலையும் கொடுக்கற நயம், வாய்பாட்டோட அகராதி அர்த்தம் கிடையாது. மழையைப் பத்தி 50:9ல நஸ்ஸல்னா, 23:18ல அன்ஸல்னா, ரெண்டும் வானத்துலேருந்து வர்ற தண்ணிதான். முதல் மழை தூறல், ரெண்டாவது கொட்டற மழைன்னு யாராவது விளக்கம் சொன்னா அவங்க விதியை வசனத்து மேல திணிக்கறாங்கன்னு புரிஞ்சுக்கலாம்.

26:193ல 'நஸல பிஹிர் ரூஹுல் அமீன்'னு ஓதறோம். ஒரு காரி 'நஸ்ஸல பிஹிர் ரூஹல் அமீன'ன்னு ஓதினதைக் கேட்டேன். தப்பா ஓதிட்டாரா?

தப்பில்ல, அது இன்னொரு கிராஅத், குர்ஆனை ஓதற இன்னொரு முறை. நாம ஓதற ஹஃப்ஸோட ரிவாயத்லயும், நாஃபிஉ, இப்னு கஸீர், அபூ அம்ர் கிராஅத்லயும் ஷத்து இல்ல. இப்னு ஆமிர், ஹம்ஸா, கிஸாஈ, அப்புறம் ஆஸிம்கிட்டேருந்து ஷுஃபா அறிவிக்கறது எல்லாத்துலயும் ஷத்து உண்டு. ஒரு ஷத்து என்ன பண்ணுதுன்னு கவனிங்க. ஷத்து இல்லேன்னா ரூஹு மேல பேஷ், அவர்தான் எழுவாய், நம்பிக்கைக்குரிய ரூஹ் இதைக் கொண்டு இறங்கினார்னு அர்த்தம். ஷத்து வந்ததும் ரூஹ மேல ஜபர், அவர் செயப்படுபொருள் ஆயிடறார், அல்லாஹ் ரூஹை இதோட இறக்கினான்னு ஆகுது.

மேல சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது, ஏன்னா இங்க ஜிப்ரீல் கொஞ்சம் கொஞ்சமா இறக்கப்பட்டார்னு யாரும் அர்த்தம் எடுக்க மாட்டாங்க, ஷத்து செஞ்சது பிறவினை ஆக்கற வேலை மட்டும்தான்.

ஹரகத் இல்லாம எழுதியிருந்தா எந்த வாய்பாடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இறந்தகாலத்துல பாதி சுலபம், அன்ஸலவுக்கு முன்னால அலிஃப் இருக்கும், நஸலவும் நஸ்ஸலவும் மட்டும் ஒரே மாதிரி தெரியும். நிகழ்காலத்துல மூணுமே ஒண்ணுதான்: யன்ஸிலு (இறங்குறான்), யுனஸ்ஸிலு, யுன்ஸிலு (இறக்குறான்), எல்லாத்துக்கும் யா, நூன், ஸாய், லாம். அப்போ வாக்கியத்துல செயப்படுபொருள் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அநேகமா யன்ஸிலு. இருந்தா மத்த ரெண்டுல ஒண்ணு, அது எதுன்னு எழுத்து சொல்லாது, ஓதற அறிவிப்புதான் சொல்லும். 2:90ல நாம 'அன் யுனஸ்ஸிலல்லாஹு'ன்னு ஓதறதை இப்னு கஸீரும் அபூ அம்ரும் 'அன் யுன்ஸிலல்லாஹு'ன்னு ஓதறாங்க, இந்த வசனம் மட்டும் இல்ல, இந்த மாதிரி பல இடத்துலயும். ரெண்டு வாய்பாட்டுக்கும் நடுவுல சுவர் இருந்திருந்தா இவ்வளவு சுலபமா ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு நின்னிருக்காது.

தமிழ்ல எழுதும்போது 'சிறுகச் சிறுக இறக்கினான்'னு போடலாமா?

வசனத்துக்குள்ள போடாதீங்க, அடிக்குறிப்புல போடுங்க. 17:106ல மட்டும் உள்ளயே போடலாம், அங்க அந்த அர்த்தத்தை வசனமே தனிச் சொல்லால சொல்லிடுது.

கத்ரு சூராவுல 'தனஸ்ஸலுல் மலாஇகது'ன்னு வருதே, அது இறந்தகாலமா நிகழ்காலமா?

நிகழ்காலம். முழு வடிவம் ததனஸ்ஸலு, ரெண்டு 'த' அடுத்தடுத்து வர்றதால ஒண்ணு விழுந்துடுச்சு. 41:30ல அதே வினை, அதே மலக்குகள், அங்க ரெண்டு 'த'வும் விழாம 'ததனஸ்ஸலு அலைஹிமுல் மலாஇகது'ன்னு முழுசா இருக்கு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கடைசியில இருக்கற பேஷும் நிகழ்காலத்தைக் காட்டிக் கொடுத்துடும், இறந்தகாலமா இருந்தா 26:210ல ஷைத்தான்களைப் பத்தி வர்ற மாதிரி 'தனஸ்ஸலத்'னு இருந்திருக்கும். வாய்பாடு தஃபஉல், நஸ்ஸலவுக்கு முன்னால 'த' சேர்ந்து இறக்கினதைத் திரும்ப இறங்கறதா மாத்திடுது, அதனாலதான் மலாஇகது மேல பேஷ் இருக்கு, அந்த ராத்திரி அவங்களே இறங்கறாங்க.