சாம்பல் கல்லில் பாதரசம்?

"காட்பாடியில் வீடு கட்டுறோம். மேஸ்திரி ஃப்ளை ஆஷ் கல் போடலாம்ங்கிறார். நிலக்கரிச் சாம்பல்ல பாதரசம் இருக்குமே?"

கொஞ்சம் இருக்கும், ஆனால் உங்கள் கவலை பாதரசமாக இருக்க வேண்டியதில்லை. அது 357 டிகிரியிலேயே கொதித்துவிடும், அனல்மின் நிலைய உலையோ ஆயிரத்துக்கும் மேல், அதனால் ஆவியாகிப் பெரும்பகுதி புகையோடு போய்விடும். எரியாத கரித்துகளில் ஒட்டியது மட்டும்தான் சாம்பலில் மிஞ்சும். ஆர்செனிக்கும் ஈயமும் அப்படியில்லை, புகை ஆறும்போது நுண்சாம்பல் மேல் படிந்து அங்கேயே தங்கிவிடும்.

சிமென்டோ சுண்ணாம்போ சேர்ந்து நன்றாக இறுகிய கல்லிலிருந்து அவை லேசில் கசியாது. நகத்தால் சுரண்டினாலே பொடி உதிர்கிற கல்லை வாங்காதீங்க. வயரிங்குக்குச் சுவரை வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்க, தூசிதான் நெஞ்சுக்குள் போகும். அப்புறம், தரையை உயர்த்த வெறும் சாம்பலைக் கொட்டலாம் என்று மேஸ்திரி சொன்னால், பக்கத்தில் போர்வெல் கிணறு இருக்கிறதா பாருங்க. மழைத் தண்ணீர் இறங்கும்போது ஆர்செனிக்கும் கூடவே இறங்கும்.